புதிதாகச் சேர்பவரின் முதல் 3 மாதப் பட்டியல்: எதற்குப் பின் எது?

நொய்யல் எழுதியது:

கோயம்புத்தூரில் ஏறத்தாழ 80 பேர் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் மனிதவளப் பொறுப்பைக் கவனித்து வருகிறேன். நூற்பாலைகளுக்கான சரக்கிருப்பு மென்பொருளை உருவாக்கி விற்கிறோம். புதிதாகச் சேர்பவர்களுக்காக எங்களிடம் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் உண்டு. அதில் மனிதவளத்துக்கு ஒரு தாள், கணினிப் பிரிவுக்கு ஒரு தாள், குழுவுக்கு ஒரு தாள், பயிற்சிக்கு ஒரு தாள் என நான்கு தாள்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பிரிவும் தன் தாளைத் தானே நிரப்பி என்னிடம் கொடுத்துவிடும்.

கடைசியாக வாடிக்கையாளர் உதவிக் குழுவில் சேர்ந்தவருக்கு முதல் வார வெள்ளிக்கிழமையே நான்கு தாள்களும் முழுமையாக நிரம்பிவிட்டன. ஆனால் அவரால் அடுத்த வார நடுப்பகுதி வரை வாடிக்கையாளரின் உதவிக் கோரிக்கையான டிக்கெட் ஒன்றைக்கூடத் திறக்க முடியவில்லை. மின்னஞ்சல் கணக்கு இருந்தது, டிக்கெட் மென்பொருளில் உரிமம் இல்லை. உரிமம் வந்தபோது சோதனைத் தளத்துக்கான அனுமதி இல்லை. அந்த அனுமதியை யாரிடம் கேட்பது என்பதும் அவருக்குத் தெரியவில்லை. எந்தப் பிரிவும் தன் வேலையைத் தவறவிடவில்லை. அடுத்தவர் இன்னும் மூன்று வாரத்தில் சேருகிறார். மடிக்கணினி, கணக்குகள், அறிமுகங்கள், பயிற்சி ஆகியவற்றை முதல் மூன்று மாதத்துக்கு எப்படி வரிசைப்படுத்துவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சர்வர்அறை எழுதியது:

உங்கள் பட்டியல் யார் செய்ய வேண்டும் என்பதை வைத்துப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒன்று எதற்காகக் காத்திருக்கிறது என்பது அதில் எங்கும் இல்லை. நீங்கள் சொன்ன தாமதம் முழுவதும் தாள்களுக்கு நடுவில்தான் நடந்திருக்கிறது. ஆகவே எந்தத் தாளிலும் அது பதிவாக வாய்ப்பில்லை.

முதலில் அந்த ஊழியர் தானாகச் செய்து முடிக்க வேண்டிய முதல் உண்மையான வேலை எது என்று குழுத் தலைவரிடம் கேட்டு ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். உதாரணமாக, "இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமைக்குள் எளிய டிக்கெட் ஒன்றைத் தானே பதில் எழுதி மூட வேண்டும்" என்று இருக்கட்டும். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். மூடுவதற்கு டிக்கெட் மென்பொருளில் பதில் எழுதும் உரிமை வேண்டும். வாடிக்கையாளர் சொல்லும் பிழையைத் தானே செய்து பார்க்கச் சோதனைத் தள அனுமதி வேண்டும். இரண்டுக்கும் நிறுவனக் கணக்கில் உள்நுழைய வேண்டும், அதற்கு இரண்டாம் நிலைச் சரிபார்ப்பு பதிவாகியிருக்க வேண்டும், அதைச் செய்ய மடிக்கணினி கையில் இருக்க வேண்டும். பதில் சரிதானா என்று பார்த்துச் சொல்ல மூத்தவர் ஒருவர் அறிமுகமாகியிருக்க வேண்டும். இப்படி எழுதினால் வரிசை தானாகவே வெளிப்படும். இந்த வேலைக்குத் தேவைப்படாத எதையும் முதல் வாரத்திலிருந்து எடுத்துவிடலாம்.

இன்னொன்று: ஒரு வரி முடிந்ததாகக் குறிப்பவர் அந்த வேலையைச் செய்தவராக இருக்கக் கூடாது, அதைப் பெற்றுக்கொண்டவராக இருக்க வேண்டும். "மின்னஞ்சல் கணக்கு உருவாக்கப்பட்டது" என்று கணினிப் பிரிவு குறிப்பதற்குப் பதிலாக, "குழுத் தலைவருக்கு அஞ்சல் அனுப்பினேன், பதில் வந்தது" என்று புதியவர் குறிக்கட்டும். உங்கள் நான்கு தாள்களும் வெள்ளிக்கிழமையே நிரம்பியதற்கும் டிக்கெட் திறக்காததற்கும் இடையிலுள்ள இடைவெளி இதில்தான் தெரியவரும்.

பேரேடு எழுதியது:

நான் கணக்குப் பிரிவில் நீண்ட நாட்களாக இருப்பவன். இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. பணியில் சேர ஒப்புக்கொண்ட அன்றே எல்லாக் கணக்குகளையும் திறந்து, குழுவில் மற்றவர்களுக்கு இருக்கும் அதே உரிமைகளைக் கொடுத்து, கடவுச்சொல்லை ஓர் உறையில் போட்டு மேசையில் வைத்துவிட்டால் முதல் நாளே அவர் வேலையைத் தொடங்கலாம். தாமதத்துக்குக் காரணம் நேரத்தில் தொடங்காததுதான். முன்கூட்டியே தொடங்கினால் வரிசை என்ற கேள்வியே எழாது.

சர்வர்அறை எழுதியது:

முன்கூட்டியே தொடங்க வேண்டும் என்பதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் கணக்கை உருவாக்குவதும் அதைத் திறந்து வைப்பதும் வெவ்வேறு செயல்கள். மூன்று வாரம் யாரும் பயன்படுத்தாத, முழு உரிமையுள்ள, கடவுச்சொல் ஓர் உறையில் இருக்கும் கணக்கை எந்த நிறுவனத்திலும் வைத்திருக்கக் கூடாது. சேருவதாகச் சொன்னவர் கடைசி நேரத்தில் வராமல் போவதும் உண்டு.

மைக்ரோசாஃப்ட் 365 இருந்தால் இப்படிச் செய்யலாம். சேரும் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகக் கணக்கை உருவாக்கி, உள்நுழைவை மட்டும் தடுத்து வையுங்கள். தடுக்கப்பட்ட கணக்குக்கும் உரிமம் ஒதுக்கலாம், அஞ்சல் பெட்டியும் உருவாகும், வரும் அஞ்சல்களும் அதில் சேரும். உரிமம் ஒதுக்கும் முன் `Usage location` என்ற கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். தனித்தனியாக உரிமம் ஒதுக்கும்போது அது வெறுமையாக இருந்தால் ஒதுக்கீடு நடக்காது. சேரும் நாள் காலையில் தடையை நீக்கினால் போதும்.

உரிமைகளைப் பொறுத்தவரை, "மற்றவருக்கு இருப்பதை அப்படியே கொடு" என்ற வழியில் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய ஊழியர் பல ஆண்டுகளில் சேர்த்துக்கொண்ட எல்லா அனுமதிகளும் புதியவருக்கும் வந்துவிடும். பதவியை வைத்துக் குழுக்களை அமைத்து, குழுவுக்கு உரிமை கொடுப்பதே நல்லது. `Department` கட்டத்தைப் பார்த்துத் தானாகவே ஆட்களைச் சேர்த்துக்கொள்ளும் குழுக்களை நீங்கள் வைத்திருந்தால், அந்தக் கட்டத்தில் மனிதவளம் எழுதும் சொல் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். `Support` என்று இருக்க வேண்டிய இடத்தில் `Customer Support` என்று எழுதப்பட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது. அந்த ஊழியர் எந்தக் குழுவிலும் சேராமல் வெளியே நின்றுவிடுவார்.

சேலம்_நிர்வாகம் எழுதியது:

புதிதாகச் சேர்பவரிடம் பெற வேண்டிய ஆவணங்களைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பான் அட்டை, ஆதார், முந்தைய நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம், வருங்கால வைப்பு நிதிக்கான படிவம் 11, பழைய யுஏஎன் எண், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை முதல் நாளே வாங்கிவிடுங்கள். பழைய யுஏஎன் இருப்பவருக்குப் புதிதாக இன்னொன்று உருவானால் பின்னர் இணைக்க அலைய வேண்டியிருக்கும்.

நொய்யல் எழுதியது:

சேலம் நண்பருக்கு நன்றி. ஆவணப் பணி எங்களிடம் தனியாக ஒழுங்காக நடக்கிறது. நான் கேட்டது வேலை செய்யும் நிலைக்கு ஒருவரைக் கொண்டுவரும் வரிசையைப் பற்றி. ஆனால் உங்கள் பதில் ஒன்றை நினைவூட்டியது. எங்களிடம் சேர்பவர்களில் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பான் அட்டையில் தந்தையின் பெயர் முழுமையாக இருக்கும், சான்றிதழில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும், அவர் பயன்படுத்துவது வேறொன்றாக இருக்கும். ஒருமுறை கணினிப் பிரிவு பான் அட்டையைப் பார்த்து, தந்தையின் பெயரையே முதற்பெயராக வைத்து அஞ்சல் முகவரி உருவாக்கிவிட்டது. சர்வர்அறை அவர்களே, இதைப் பின்னால் மாற்றினால் என்ன ஆகும்?

சர்வர்அறை எழுதியது:

மாற்றலாம், ஆனால் அதன் விளைவுகள் பல இடங்களில் தெரியும். உள்நுழைவுப் பெயரை மாற்றினால் அவருடைய ஒன்டிரைவ் முகவரி மாறும். அதற்கு முன் அவர் பகிர்ந்த இணைப்புகள் பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கும். டிக்கெட் மென்பொருள் போன்ற வெளிச்சேவைகள் அஞ்சல் முகவரியையே அடையாளமாக வைத்திருந்தால், மாற்றிய பின் அவரைப் புதிய ஆளாகக் கருதி இரண்டாவது கணக்கைத் திறந்துவிடும். ஆகவே வேலைக்கு ஒப்புதல் தந்த நாளில் அனுப்பும் கடிதத்திலேயே, "அலுவலகத்தில் உங்கள் பெயர் எப்படித் தெரிய வேண்டும்? அஞ்சல் முகவரி `kavitha.s` என்பதுபோல் அமையும், சரிதானா?" என்று அவரிடமே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முழு வரிசையிலும் முதல் வரி இதுவாக இருக்கட்டும். மற்றவை எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன.

அடுத்தது மடிக்கணினி. நான் அதிகம் பார்த்த தவறு, கடையில் வாங்கிய கணினியில் விண்டோஸ் ஹோம் பதிப்பு இருப்பது. பயனர்களையும் கணினிகளையும் பதிந்து வைக்கும் நிறுவன அடைவில் அதை இணைக்கவே முடியாது. சேரும் நாளில்தான் அது தெரியவந்தால் அன்றைய நாள் போய்விடும். புரோ பதிப்பா என்பதை வாங்கும் ஆணையிலேயே எழுதுங்கள். புதிய கணினியைத் தானாகவே நிறுவனத்துக்கேற்ப அமைக்கும் ஆட்டோபைலட் வசதியைப் பயன்படுத்துபவர்கள் கணினியின் வன்பொருள் அடையாளத்தை முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும். விற்பனையாளர் அதைச் செய்து தராவிட்டால், பெட்டியைப் பிரித்து, முதல் திரையிலேயே Shift+F10 அழுத்தி, பவர்ஷெல் திறந்து நீங்களே எடுக்கலாம்:

```
Set-ExecutionPolicy -Scope Process RemoteSigned
Install-Script -Name Get-WindowsAutopilotInfo
Get-WindowsAutopilotInfo -OutputFile C:\AutopilotHWID.csv
```

அந்தக் கோப்பைக் கணினிகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் சேவையான இன்ட்யூனில் ஏற்றி, அமைப்புத் திட்டம் அந்தக் கணினிக்கு ஒதுக்கப்பட்டதாகக் காட்டிய பிறகே கணினியை மீண்டும் தொடங்குங்கள். சரியாக நடந்திருந்தால் சொந்தப் பயன்பாட்டுக்கா, அலுவலகப் பயன்பாட்டுக்கா என்ற கேள்வி திரையில் வராமல் நேராக நிறுவன உள்நுழைவுப் பக்கம் வரும். அந்தக் கேள்வி வந்தால் திட்டம் இன்னும் கணினியை எட்டவில்லை என்று பொருள், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

முதல் நாள் உள்நுழைவில் ஒரு முடிச்சு இருக்கிறது. கணக்கில் நுழைய இரண்டாம் நிலைச் சரிபார்ப்பு வேண்டும், அதைப் பதிவு செய்யக் கணக்கில் நுழைய வேண்டும். இதற்காகவே `Temporary Access Pass` என்ற தற்காலிகக் குறியீட்டு வசதி இருக்கிறது. அதன் தொடக்க நேரத்தை முன்கூட்டியே குறித்து வைக்கலாம். மாற்றாமல் விட்டால் அது 1 மணி நேரம்தான் செல்லும். எங்கள் அலுவலகத்தில் கணினியின் முதல் அமைப்பு மென்பொருள்களை இறக்கி முடிப்பதற்குள்ளேயே அந்த ஒரு மணி நேரம் கடந்துவிடுகிறது; ஆகவே நாங்கள் 8 மணி நேரமாக வைத்திருக்கிறோம். குறியீட்டை உறையில் போட வேண்டாம். நேரில் அடையாளம் பார்த்துக் கையில் கொடுங்கள்.

அன்று மாலை இன்னொரு சோதனை. வட்டு குறியாக்கத்தின் மீட்புச் சாவி நிறுவன அடைவில் சேமிக்கப்பட்டுவிட்டதா என்று பார்க்க வேண்டும். நிர்வாகி உரிமையுடன் இதை இயக்கினால் சாவியின் அடையாள எண் தெரியும். அதே எண் அடைவில் அந்தக் கணினியின் பக்கத்திலும் இருக்க வேண்டும்.

```
manage-bde -protectors -get C:
```

இது இல்லாமல் கணினி கைமாறினால், பின்னொரு நாள் மதர்போர்டை மாற்ற நேரும்போது உள்ளிருக்கும் எதையும் மீட்க முடியாது.

செவிலிமேசை எழுதியது:

நாங்கள் மருத்துவமனை வரவேற்பறைக்கு ஆட்களைச் சேர்க்கிறோம். எங்களுக்கு மடிக்கணினி கிடையாது. ஒரே கணினியில் மூன்று ஷிப்டுகளில் மூன்று பேர் உட்காருகிறார்கள். பணியறையில் கைபேசி வைத்திருக்கவும் அனுமதி இல்லை என்பதால் கைபேசிச் சரிபார்ப்பும் பொருந்தாது. இங்கே சொல்லப்படும் வரிசை எங்களைப் போன்றவர்களுக்கு எப்படி உதவும்?

சர்வர்அறை எழுதியது:

உங்களுக்குக் கணினி ஏற்கெனவே இருப்பதால் அந்தக் கண்ணி மறைந்துவிடுகிறது. காத்திருப்பு வேறிடத்துக்கு மாறுகிறது. கைபேசி கூடாத இடத்தில் யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி ஆளுக்கு ஒன்று வேண்டும், அதை முன்னதாக வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். சாவி வரும் வரை பழைய ஊழியரின் கணக்கிலேயே புதியவரும் உட்காரும் பழக்கம் வந்துவிடாமல் பாருங்கள். நோயாளி பதிவேட்டில் யார் எதைத் திறந்தார்கள் என்பது பின்னர் தெரியாமலே போய்விடும்.

புதுவரவு எழுதியது:

நான் ஆறு மாதம் முன்பு ஒரு நிறுவனத்தில் சேர்ந்தவள். அறிமுகங்களைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை என்பதால் என் பக்கத்தைச் சொல்கிறேன். முதல் நாள் காலையில் என்னை எல்லா மேசைகளுக்கும் அழைத்துச் சென்று அறிமுகப்படுத்தினார்கள். எல்லோரும் அன்பாகப் பேசினார்கள், ஆனால் மதியத்துக்குள் பாதிப் பெயர்கள் மறந்துவிட்டன. இரண்டாவது வாரத்தில் விலைப்பட்டியலில் ஒரு சந்தேகம் வந்தபோது, யார் அதற்குப் பொறுப்பு என்பதும் தெரியவில்லை, ஏற்கெனவே அறிமுகமானவரிடம் மறுபடி பெயர் கேட்கவும் தயக்கமாக இருந்தது. நான் அரை நாள் காத்திருந்துவிட்டு, பக்கத்திலிருந்த அக்காவிடம் கேட்டேன்.

எனக்கு உண்மையில் உதவியது, உணவு இடைவேளையில் யாருடன் போவது என்று முதல் நாளே ஒருவரை நியமித்திருந்ததுதான்.

குழுத்தலைவி எழுதியது:

புதுவரவு சொன்னதை அப்படியே ஏற்கிறேன். எங்கள் உதவிக் குழுவில் அறிமுகத்தை ஒரு சடங்காக நடத்துவதை நிறுத்திவிட்டோம். முதல் நாளில் மூவர் மட்டும்: மேலாளர், துணையாக இருக்கும் சக ஊழியர், கணினிப் பிரிவில் உதவி கேட்க வேண்டியவர். மற்ற ஒவ்வோர் அறிமுகமும் ஒரு வேலையோடு சேர்ந்து வரும். விலைப்பட்டியல் பற்றிய டிக்கெட் முதன்முதலாக வரும்போது, அதற்குப் பொறுப்பானவரிடம் அந்த டிக்கெட்டை எடுத்துக்கொண்டு துணை ஊழியர் அழைத்துச் செல்வார். கேட்பதற்கு ஒரு கேள்வி கையில் இருக்கும்போது பெயரும் பொறுப்பும் நினைவில் நின்றுவிடுகின்றன. முதல் மாதம் முடியும்போது யார் யாரைப் பார்த்திருக்க வேண்டும் என்ற பெயர்ப் பட்டியல் மட்டும் என்னிடம் இருக்கும். விடுபட்டவர்களை நான் கவனித்துக்கொள்வேன்.

பயிற்சியிலும் இதே வரிசைதான். மோசடி அஞ்சலை அடையாளம் காணும் பயிற்சி அஞ்சல் பெட்டி திறக்கும் நாளிலேயே வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படியான உட்குழுவில் யார் இருக்கிறார்கள், புகாரை எப்படிக் கொடுப்பது என்பதை முதல் வாரத்தில் சொல்லிவிடுகிறோம். முதல் நாள் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ஒருவருக்கு அது எப்போது தேவைப்படும் என்று நமக்குத் தெரியாது. மென்பொருள் பயிற்சியை மட்டும் வேண்டுமென்றே தள்ளிப்போடுகிறோம். மூத்தவர் டிக்கெட்டுகளைக் கையாள்வதைச் சில நாட்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு அந்த வகுப்புக்கு வந்தால், ஒரு மூட்டை நூலுக்கு இருப்பு ஏன் இரண்டு இடத்தில் பதிவாகிறது என்பது போன்ற கேள்விகளோடு வருவார்கள். அதற்கு முன் நடத்தினால் குறிப்பு எழுதுவார்கள், கேள்வி கேட்க மாட்டார்கள்.

இரண்டாம் மாதத்தில் புதியவர் எளிய டிக்கெட்டுகளைத் தனியாகவும், சிக்கலானவற்றைத் துணையோடும் பார்க்கிறார். வாடிக்கையாளரின் உண்மைத் தரவுத்தளத்தைப் படிக்கும் அனுமதி அப்போதுதான் வருகிறது, அதுவும் தரவுப் பாதுகாப்புப் பயிற்சி முடிந்த பிறகுதான். மூன்றாம் மாதத்தில் பயிற்சிக்காகக் கொடுத்த கூடுதல் அனுமதிகளைத் திரும்பப் பெறுகிறோம். இந்த வரி பலருடைய பட்டியலில் இருப்பதில்லை.

பேரேடு எழுதியது:

உண்மைத் தரவுத்தள அனுமதியைப் பயிற்சிக்குப் பின்னால் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மாத இறுதியில் எல்லா ஆலைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் அழைப்பு வரும்போது, பயிற்சித் தேதி அடுத்த வாரம் என்பதற்காக ஓர் ஆள் கைகட்டி உட்கார்ந்திருப்பது நிறுவனத்துக்கு நட்டம். படிக்க மட்டும் அனுமதிதானே, முதல் வாரத்திலேயே கொடுக்கலாம். உள்நுழைவைத் தடுத்து வைப்பது பற்றி மேலே சொன்னதை ஏற்கிறேன். அது எனக்குத் தெரியாத வசதி.

குழுத்தலைவி எழுதியது:

படிக்க மட்டும் அனுமதி என்றாலும், ஓர் ஆலையின் கொள்முதல் விலையைப் படித்து இன்னோர் ஆலைக்குத் தவறுதலாக அனுப்பிவிட அது போதும். பயிற்சித் தேதி தள்ளிப்போவதுதான் சிக்கல் என்றால் மாதம் ஒருமுறை நடக்கும் வகுப்பை விட்டுவிட்டு, தேவைப்படும்போது ஒரு மூத்தவர் ஒருவருக்கு மட்டும் நடத்திவிடலாம்.

பேரேடு எழுதியது:

மாத இறுதியில் அந்த மூத்தவருக்கும் நேரம் இருக்காது என்பதே என் வாதம்.

நொய்யல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அடுத்தவர் திங்கட்கிழமை சேருகிறார் என்று வைத்து எழுதிய வரைவு இது. ஒப்புதல் வந்த நாளில் பெயரும் அஞ்சல் முகவரியும் அவரிடம் எழுத்தில் உறுதி செய்யப்படும். அதே நாளில் புரோ பதிப்பு மடிக்கணினிக்கு ஆணை போகும். ஒரு வாரம் முன்பு உள்நுழைவு தடுக்கப்பட்ட கணக்கு, உரிமங்கள், பதவிக்கான குழு ஆகியவை தயாராகும். டிக்கெட் மென்பொருளின் உரிமமும் அன்றே வாங்கப்படும். முந்தைய வெள்ளிக்கிழமை கணினி சரியான திரையைக் காட்டுகிறதா என்று பார்க்கப்படும். திங்கள் காலை தற்காலிகக் குறியீடு, இரண்டாம் நிலைப் பதிவு, மூன்று அறிமுகங்கள், மோசடி அஞ்சல் பயிற்சி; மாலையில் மீட்புச் சாவிச் சோதனை. புதன்கிழமைக்குள் அவர் சோதனைத் தளத்தில் ஒரு சரக்குப் பதிவைத் தானே செய்து காட்டுவார். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை முதல் டிக்கெட். மென்பொருள் வகுப்பு அதே வாரம் வியாழன்.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே "இது எதற்காகக் காத்திருக்கிறது" என்று ஒரு கட்டமும், புதியவரே குறிப்பதற்கான ஒரு கட்டமும் சேர்த்திருக்கிறேன். இரண்டாம், மூன்றாம் மாதங்கள் இன்னும் மெலிதாகத்தான் இருக்கின்றன. அவற்றை நானே நிரப்பாமல் குழுத் தலைவரிடம் விட எண்ணுகிறேன். தரவுத்தள அனுமதியை எப்போது கொடுப்பது என்பதை எங்கள் இயக்குநரிடம் கேட்கப் போகிறேன்.

புதுவரவு எழுதியது:

ஒரு சந்தேகம். புதியவரே குறிக்க வேண்டும் என்றால், வேலை செய்யாத ஒன்றை "இன்னும் வேலை செய்யவில்லை" என்று முதல் வாரத்தில் எழுத எல்லோருக்கும் துணிவு இருக்குமா? நான் என்றால் குறை சொல்வதாக நினைப்பார்களோ என்று பயந்து சரி என்றே குறித்திருப்பேன்.

சர்வர்அறை எழுதியது:

நியாயமான அச்சம். அதனால்தான் ஆம், இல்லை என்று கேட்காமல், செய்து பார்த்ததன் விளைவைக் கேட்க வேண்டும். "டிக்கெட் மென்பொருள் திறந்ததா" என்று கேட்டால் ஆம் என்று எழுதிவிடலாம். "நீங்கள் திறந்து பார்த்த முதல் டிக்கெட்டின் எண் என்ன" என்று கேட்டால் எண்ணை எழுத வேண்டும் அல்லது கட்டத்தை வெறுமையாக விட வேண்டும். வெறுமையாக இருக்கும் கட்டத்தை ஒவ்வொரு மாலையும் துணை ஊழியர் பார்த்து, அவரே கணினிப் பிரிவிடம் கேட்கட்டும். புதியவர் யாரையும் குறை சொல்ல வேண்டிய நிலை வராது. நொய்யல் அவர்களே, உங்கள் வரைவில் துணை ஊழியரின் பெயர் எந்த வரியிலும் இல்லை. அந்த வாரம் அவருக்கு விடுப்பு இல்லை என்பதையும் ஒப்புதல் நாளிலேயே பார்த்து வைத்துவிடுங்கள்.